ஒரு மணிச் சாப்பாட்டுக்கு எழுதிய கடிதம்

2024 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை. காலை 9.10க்குக் கடைக்குள் நுழைந்தேன். மாடியில் பட்டுப் பிரிவின் விளக்குகளைப் போட்டு, பில் போடும் கணினியைத் திறந்து, ரசீதுச் சுருள் மாற்றினேன். 9.30க்கு அவள் வந்தாள். பாயை உதறி விரித்து, தன் இடத்தில் உட்கார்ந்தாள். காரைக்குடியில் எங்கள் ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருடமாகப் பட்டு விரிக்கிறவள்.

பன்னிரண்டு நாள் முன்புதான் அவளுக்காக முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். காலையில் போடும் மருந்து மதியம் வரை வேலை செய்யும். பதினொரு மணிக்கு ஏதாவது கொறிக்க வேண்டும், ஒரு மணிக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். எங்கள் கடையிலோ கூட்டம் குறைந்த பிறகுதான் சாப்பாடு. பட்டில் எண்ணெய்க் கறை படும் என்று சாப்பாட்டுப் பையை மாடிக்கு விடமாட்டார்கள். கீழே வாட்ச்மேனிடம் கிடக்கும்.

இவ்வளவையும் எழுதி, மருத்துவர் சீட்டின் நகலை இணைத்தேன். கேட்டவை இரண்டு: குறித்த நேரத்தில் இடைவேளை, மாடியிலேயே சாப்பாடு வைக்க ஓர் இடம். முதலில் எழுதிய தாளில் மூன்றாவதாக ஒரு வரியும் இருந்தது. முகூர்த்தப் பட்டு விரித்திருக்கும் நேரத்திலும் அவள் எழுந்து போக அனுமதிக்க வேண்டும் என்பது. எங்கள் கடையில் கல்யாண வீட்டாருக்கு முதல் பட்டை விரித்த கைதான் வியாபாரத்தை முடிக்க வேண்டும். நடுவில் எழுந்தால் தடங்கல் என்பார்கள்.

“அத மட்டும் எழுதாதீக அக்கா,” என்றாள். “அப்புறம் முகூர்த்தப் பட்டுக்கு என்னயக் கூப்பிடவே மாட்டாக. துண்டு, லுங்கின்னு கீழ எறக்கிவிட்ருவாக.”

“மணி ஒண்ணாயிருச்சுன்னா?”

“நான் பாத்துக்கிறேன்.”

அந்த வரியை விட்டுவிட்டு வேறு தாளில் எழுதினேன்.

முதலாளி நின்றபடியே படித்தார். “இதுக்கு எதுக்கு லெட்டரு? வாயால சொன்னா ஆகாதா? எங்க அப்பச்சிக்கும் சுகருதான். நேரத்துக்கு எலை விழலைன்னா வீட்ல ஒருத்தரும் நிக்க முடியாது” என்று சிரித்தார். அன்றே பதினொன்றுக்குப் பத்து நிமிடம், ஒன்றுக்கு அரை மணி நேரம் என்று ஒதுக்கினார். டீ போடும் அறையில் ஓர் அலமாரித் தட்டும் கிடைத்தது. அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

வியாழக்கிழமை 12.40க்கு நெற்குப்பை என்ற ஊரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள், ஏழு பேர். முதல் பட்டை அவள்தான் விரித்தாள். ஒரு மணிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்து, அவளைப் பார்த்தேன். பொறு என்பதுபோல் கையசைத்தாள். 1.15க்கு மறுபடி பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏசி ஓடும்போதே அவள் நெற்றியில் வியர்வை. 1.30க்கு, காட்டிய புடவையையே மூன்றாம் தடவை விரித்தாள்.

“அரக்கு கேட்டா பச்சையவே காட்டுறீக. கேட்டா மொறைக்கிறீக வேற,” என்றார் பெண்ணின் அத்தை.

அப்போதுதான் எழுந்தேன். நான் போவதற்குள் பக்கத்துப் புடவை அடுக்கின் மேல் சாய்ந்துவிட்டாள். கூப்பிட்டால் கண் திறந்தாள், விழுங்க முடிந்தது. டீ அறையிலிருந்து சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வந்து மெதுவாகக் குடிக்க வைத்தேன். பெண்ணின் அம்மா அவள் தலையைத் தாங்கிக்கொண்டார். கால் மணி நேரத்தில் தெளிந்தாள். அவள் கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட வைத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்:

“அவுக பட்டு எடுத்தாகளாக்கா?”

எடுக்கவில்லை. பெண்ணின் அம்மாவுக்கு மனமிருந்தது. அத்தைதான், முகூர்த்தப் பட்டு எடுக்கையில் இப்படி ஆகிவிட்டதே என்று எல்லோரையும் எழுப்பிக் கூட்டிப்போய்விட்டார். நான் அவளிடம், தெரியாது என்றேன்.

மாலை முதலாளி என்னை அழைத்தார். கோபமே இல்லை. “அந்தப் பிள்ளைக்கு என்னமும் ஆகியிருந்தா யாரு பதில் சொல்றது? கீழ துண்டுப் பக்கம் இருக்கட்டும். அங்க எப்ப வேணும்னாலும் எந்திரிச்சுச் சாப்பிடலாம். சம்பளம் அதேதான்.”

முகூர்த்தப் பட்டிலும் எழுந்து போக விட்டால் போதுமே என்றேன். “அதுக்கு எந்தக் கல்யாண வீட்ல ஒத்துக்கிருவாக?” என்றார். ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் நான்.

போனில் அவளிடம் சொன்னேன். “சரிக்கா. சாப்டீகளா?” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை 9.10. கணினியைத் திறந்ததும், முதல் வேலையாகப் பட்டுப் பிரிவின் விற்பனையாளர் பட்டியலிலிருந்து அவள் ஊழியர் எண்ணை எடுத்து, துண்டுப் பிரிவில் சேர்த்தேன்.