ஏழாவது அயிட்டத்தின் கதவு

காரைக்குடி மரக்கடையில் அப்போது நான் கணக்கெழுதினேன். சிறுவர் விடுதி ஒன்றுக்குக் கதவு செய்யும் டெண்டர் வந்திருந்தது. டைப்பிஸ்ட் அக்கா எங்கள் கொட்டேஷனை வாசிக்க, நான் டெண்டர் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். எண்ணிக்கையை விலையால் பெருக்கிய தொகைகள், மொத்தக் கூட்டல், விற்பனை வரி எல்லாம் முன்பே சரிபார்த்தாயிற்று.

ஏழாவது அயிட்டத்தில் ‘ஒற்றைக் கதவு, வேங்கை மரம்’ என்றதுமே எனக்குப் பொறுமை போனது. “இது மூணாவதேதான். ரெண்டு தடவை டைப் அடிச்சிட்டீக. எடுத்தா கூட்டல், வரி எல்லாம் மாறும்.”

“முழுசாக் கேளுங்க,” என்று அக்கா தொடர்ந்தார். “ஒற்றைக் கதவு, வேங்கை மரம், தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். அடியில் சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவு திறப்பு. எண்ணிக்கை ஒன்று.”

பட்டியலிலும் அப்படியே இருந்தது. நான் டிக் போட்டேன்.

அக்கா எழுந்து போய், எங்கள் அறைக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்து எட்டாவதை வாசித்தார்.