ஒன்பதிலேயே நின்ற இலக்கம்

டோரினை வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தில் காரணம் ஒரே வரியில் இருந்தது: "பரிசோதனையில் கவனக்குறைவு." அந்தக் கடிதத்தைப் பதினொரு மாதம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். கிழித்துப் போடச் சொன்ன தங்கையோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

நாற்பத்தொரு வயது. கொட்டாஞ்சேனையில் பேராலயத்துக்குப் பின்தெருவில் மாடி வீடொன்றில் தங்கையோடு இருந்தாள். பாடசாலை முடித்ததும் கப்பல் முகவர் ஒருவரின் ஒபிஸில் சேர்ந்து, பதினாறு வருடம் சரக்குப் பட்டியல்களைச் சரிபார்த்தவள். கொள்கலன் இலக்கத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அவளுடைய கண் அதில்தான் போய் நிற்கும். அந்த ஒபிஸ் மூடப்பட்டபோது மென்பொருள் பரிசோதனை படித்து, பம்பலப்பிட்டியில் சின்ன மென்பொருள் கொம்பனி ஒன்றில் பரிசோதகராகச் சேர்ந்தாள். அங்கே மற்ற எல்லோருக்கும் இருபது, முப்பது வயது. எல்லோரும் அவளை அக்கா என்றார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

குழுத் தலைவன் பிரியந்தன். வெள்ளவத்தைக்காரன், கெட்டிக்காரன், நேரம் பிந்துவதைத் தவிர உலகில் வேறெதற்கும் பயப்படாதவன். அப்போது அவர்கள் இரத்தப் பரிசோதனை நிலையங்கள் நடத்தும் ஒரு நிறுவனத்துக்குச் செயலி செய்துகொண்டிருந்தார்கள். ரிப்போர்ட் வந்தால் போனுக்கு அறிவித்தல் வரும். செயலியின் ஐகன் மூலையில், சிவப்பு வட்டத்துக்குள், வாசிக்காத செய்திகள் எத்தனை என்று இலக்கம் தெரியும்.

அந்த இலக்கம் பிழை என்று முதலில் கண்டவள் டோரின். ஒரே கணக்கை இரண்டு போன்களில் திறந்து வைத்து, ஒன்றில் செய்தியை வாசித்தாள். மற்றதில் இலக்கம் குறையவில்லை. செயலியைத் திறந்து பார்த்தால் வாசிக்க எதுவும் இல்லை. வெளியே வந்தால் இலக்கம் அப்படியே நின்றது. ஒவ்வொரு போனும் தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருந்ததுதான் காரணம். அறிவித்தல் வந்தால் ஒன்று கூட்டும், அந்தப் போனிலேயே வாசித்தால் ஒன்று கழிக்கும். வேறு போனில் வாசித்தது அதற்குத் தெரியாது.

பிழைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பிரியந்தனிடம் நேரிலும் போய்ச் சொன்னாள்.

"ஒரு கணக்கை ரெண்டு போனில ஆரக்கா வச்சிருக்கப் போகினம்?" என்றான் அவன்.

"அப்பாட ரிப்போர்ட்ட மகளும் பாக்கத்தானே செய்வா, தம்பி."

"நாலு நாளில வெளியிட வேணும். பிறகு பாப்பம்."

'மீண்டும் நிகழவில்லை' என்று எழுதிப் பதிவை மூடினான். அவள் திறந்தாள். மூடினான். மூன்றாம் முறை திறந்தபோது, மூடிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

செயலி வெளிவந்து ஐந்தாவது மாதம், வெள்ளவத்தையில் நவரத்தினம் என்ற ஓய்வுபெற்ற நில அளவையாளர் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. உடனே வைத்தியரிடம் போகும்படி பரிசோதனை நிலையம் நான்கு நாளுக்கு முன்பே செய்தி அனுப்பியிருந்தது. அவர்கள் அழைத்த வீட்டுத் தொலைபேசி வேலை செய்யவில்லை. செய்தி அவருடைய கைபேசிக்கு வந்துதான் இருந்தது. ஆனால் அவருடைய ரிப்போர்ட்களை வழமையாக வாசிப்பவள் மகள் சிவானி, தன்னுடைய போனில். அதனால் அவர் போனில் கிழமைக்கணக்காக ஒன்பது என்று நின்றது. ஒன்பது பத்தானதை அவர் கவனிக்கவில்லை. சிவானி அந்தக் கிழமை திருகோணமலைப் பக்கம், போனுக்கு லைன் கிடைக்காத ஒரு கிராமத்தில் நின்றாள்.

அவர் பிழைத்துவிட்டார். ஆனால் பரிசோதனை நிறுவனம் விளக்கம் கேட்டது. 'பரிசோதகர் இதைக் கண்டுபிடிக்கத் தவறிவிட்டார்' என்று பிரியந்தன் எழுதினான். அன்று பின்னேரமே டோரினின் கணினிக் கணக்கு பூட்டப்பட்டது. தான் எழுதிய பதிவுகளை அவளால் திறக்கக்கூட முடியவில்லை.

அதன்பின் புறக்கோட்டையில் ஒரு போன் கடையில் நின்றாள். திரை மாற்றக் கொண்டுவரும் போன்களில் அந்தச் செயலியின் ஐகனைத் தேடிப் பார்ப்பாள். ஏழு, பன்னிரண்டு, ஒன்றில் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றையும் திகதியோடு கொப்பியில் எழுதினாள். எதற்கு எழுதுகிறாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. பிரியந்தனின் சிரிப்பை மட்டும் ஒருநாளும் மறக்கவில்லை.

வெளியாட்கள் செய்துதரும் மென்பொருளைச் சரிபார்க்க ஒருவர் தேவை என்று அந்தப் பரிசோதனை நிறுவனமே பத்திரிகையில் விளம்பரம் போட்டபோது, அவள் அன்றைக்கே விண்ணப்பம் அனுப்பினாள். நேர்முகத்தில் இருந்தவர் பணிப்பாளர் டொக்டர் மஜீட். முன்பு எங்கே வேலை செய்தாள் என்பதை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பிழைய விட்ட ஆள் நீங்களா?"

"அப்படித்தான் எழுதித் தந்தாங்க டொக்டர். அந்த இலக்கம் இப்பவும் பிழைதான். காட்டவா?"

இரண்டு போன்களை மேசையில் வைத்துக் காட்டினாள். பிறகு கொப்பியைக் கொடுத்தாள். அவர் கனநேரம் புரட்டினார்.

"இங்க வேல கேட்டு வந்ததுக்கு இது மட்டும்தானா காரணம்?"

"இல்ல டொக்டர். எனக்கு அவங்களோட ஒரு பாக்கி இருக்கு."

அந்த நேர்மைக்காகவே வேலை கொடுத்ததாக அவர் பின்னர் சொன்னார்.

பரிசோதனை நிறுவனத்தின் வெள்ளவத்தை ஒபிஸில் முதல் கூட்டத்துக்குப் பிரியந்தன் வந்தான். கூடவே செயலியை எழுதும் இளம் பொறியியலாளர் பஹ்மா. கதவடியிலேயே பிரியந்தன் நின்றுவிட்டான்.

"அக்கா, நீங்களா?"

"மிஸ் டோரின் எண்டு சொல்லுங்க. இருங்க."

இலக்கப் பிழையை மூன்று கிழமைக்குள் திருத்தித் தரவேண்டும், டோரின் கையொப்பம் வைத்தால்தான் வெளியிடலாம் என்று முடிவானது. மூன்றாம் கிழமைத் திங்கட்கிழமை, திருத்திய செயலியின் பரிசோதனைப் பிரதி வந்தது. பத்து நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. பிரியந்தன் குறுக்குவழி பிடித்திருந்தான். செயலியைத் திறந்தவுடன் இலக்கத்தைப் பூச்சியமாக்கிவிடுவது. அவ்வளவுதான். பழைய இலக்கம் மறையும். ஆனால் வாசிக்காத செய்தி உள்ளே கிடக்க, வெளியே ஒன்றும் இல்லை என்று காட்டும். முன்னைய பிழையிலும் மோசமானது.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிரதி நோயாளர்களிடம் போகாது என்பதைப் நிறுவனத்தின் கணினிப் பிரிவிடம் கேட்டு உறுதிசெய்துவிட்டு, வாயை மூடிக்கொண்டாள். செவ்வாய் பஹ்மா அழைத்து, "மிஸ், ஏதும் பிழ ஈக்கா?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை பாப்பம்," என்றாள் டோரின். அன்றிரவு அவள் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

வியாழன் கூட்டத்தில் டொக்டர் மஜீட்டோடு நிறுவனத்தின் உரிமையாளர்கள் இருவரும் இருந்தார்கள். பிரியந்தனின் முதலாளியும் வந்திருந்தார். பிரியந்தன் நன்றாகக் கதைத்தான். பிரச்சினை முற்றாகத் தீர்ந்தது என்றான். டோரின் ஒரு போனை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"இதில வாசிக்காத செய்தி ரெண்டு இருக்கு. ஐகன்ல எத்தன?"

"ரெண்டு."

"திறங்க. ஒண்டையும் வாசிக்காதீங்க. வெளிய வாங்க. இப்ப?"

அவன் திரையைப் பார்த்தான். பிறகு தன் முதலாளியைப் பார்த்தான்.

"சொல்லுங்க. இப்ப எத்தன?"

"ஒண்டும் காட்டேல்ல."

"அந்த ரெண்டில ஒண்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க எண்டு சொல்ற செய்தி. வாசிச்சுப் பாருங்க. சத்தமா."

அவன் வாசித்தான். நவரத்தினத்துக்குப் போன அதே செய்தியை, பெயர் மாற்றி அவள் போட்டு வைத்திருந்தாள்.

"இந்த இலக்கப் பிழையச் செயலி வெளியிட முந்தியே பரிசோதிச்சிருக்கலாமே?" என்று உரிமையாளர் ஒருவர் கேட்டார்.

டோரின் ஒரு கட்டுத் தாளை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். ஒப்பந்தப்படி பிழைப் பதிவேட்டின் முழு வரலாற்றையும் கேட்டு வாங்கும் உரிமை பரிசோதனை நிறுவனத்துக்கு இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் கிழமையே அதைக் கேட்டு எடுத்திருந்தாள். பதிவு திறந்தது டோரின், மூடியது பிரியந்தன். மூன்று முறை. திகதி, நேரத்தோடு.

டொக்டர் மஜீட் கண்ணாடியைக் கழற்றினார். "பரிசோதகர் தவறவிட்டார் எண்டு எங்களுக்கு எழுதினது யாரு?"

"நான்தான்," என்றான் பிரியந்தன். அவனுடைய காது சிவந்ததை டோரின் முழுவதும் பார்த்தாள். பார்வையை விலக்கவில்லை.

அன்றே அவனை அந்தச் செயலி வேலையிலிருந்து விலக்கினார்கள். திருத்தம் பஹ்மாவின் பொறுப்பில் வந்தது. அவள் தனியாக டோரினின் மேசைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"திங்கக்கிழம தெரியும்தானே மிஸ் ஒங்களுக்கு. எனக்குச் சொல்லியீக்கலாம். அந்தக் கோட் எழுதின கை என்ட."

டோரின் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டாள். இந்தக் கதையில் அவள் வருந்தியது அந்த ஒன்றுக்கு மட்டும்தான். "இருங்க," என்றாள். "எப்பிடிச் செய்யிறது எண்டு பாப்பம்."

இருவரும் சேர்ந்து அடிப்படையையே மாற்றினார்கள். போன் இனி எண்ணாது. எந்தச் செய்தி வாசிக்கப்பட்டது என்ற குறிப்பு மையக் கணினியான சேர்வரில்தான் இருக்கும். வாசிக்காதவற்றைச் சேர்வரே எண்ணும், நிலையம் பிழையென்று திரும்பப் பெற்ற செய்திகளை எண்ணாமல் விட்டுவிடும். ஒவ்வொரு அறிவித்தலோடும் அந்த மொத்த இலக்கம் போகும். போன் அதை அப்படியே காட்டும், கூட்டவோ கழிக்கவோ செய்யாது. ஒரு போனில் வாசித்தால் அது சேர்வருக்குத் தெரிவிக்கும். சேர்வர் புதிய இலக்கத்தை அதே கணக்கில் உள்ள மற்றப் போன்களுக்குச் சத்தமில்லாத அறிவித்தலாக அனுப்பும்.

"அந்த அறிவித்தல் போய்ச் சேராட்டி?" என்று டோரின் கேட்டாள்.

"செயலியத் திறக்கிற நேரமெல்லாம் சேர்வர்ட்ட திரும்பக் கேக்கும் மிஸ். அது சொல்ற இலக்கத்தத்தான் போடும்."

"லைன் இல்லாத நேரம் வாசிச்சா?"

பஹ்மா யோசித்தாள். வாசித்த குறிப்பைப் போனிலேயே வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும்படி அடுத்த நாள் சேர்த்தாள்.

கடைசிப் பரிசோதனையை டோரின் நவரத்தினத்தின் வீட்டில் செய்தாள். சிவானி தன் போனில் ஒரு செய்தியைத் திறக்க, தகப்பனின் போனில் ஒன்று குறைந்தது. முதல் தரம் உடனே குறைந்தது. இரண்டாம் தரம் குறையவில்லை. அவர் செயலியைத் திறந்ததும் சரியாகிவிட்டது. "சில நேரம் அறிவித்தல் பிந்தும் ஐயா. திறந்தா எப்பவும் சரியாக் காட்டும்," என்றாள் டோரின்.

"முந்தி இதைக் கவனிக்காம விட்ட பொம்பிளையை வேலையால நிப்பாட்டினவங்களாம்," என்றார் நவரத்தினம். "நல்ல வேலை செய்தவங்கள்."

டோரின் கைப்பையிலிருந்து பதிவேட்டுத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசித்து முடியுமட்டும் காத்திருந்தாள். அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டுத் தேநீர் போடச் சொன்னார்.

திருத்தம் வெளியான பின் பழைய கொம்பனி சமாதானத்துக்கு வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பழைய கடிதத்தை மீளப்பெறும் இன்னொரு கடிதம் வேண்டும், அதில் பிரியந்தன் கையெழுத்திட்டு, அவனே கொண்டுவர வேண்டும் என்றாள்.

அவன் கொண்டுவந்தான். லிப்ட் வாசலில் நின்றபடி, "என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நான் திருத்தியிருப்பன்," என்றான்.

"மூண்டு தரம் தனியச் சொன்னனான்."

கடிதத்தை நின்றபடியே வாசித்தாள். ஒரு இடத்தில் திகதி ஒரு நாள் மாறியிருந்தது. அதைப் பேனையால் வட்டமிட்டு, திரும்ப அவனிடமே நீட்டினாள்.

"திருத்திக்கொண்டு நாளைக்கு வாங்க. ஒன்பது மணிக்கு முந்தி."