தாளில் இல்லாத படுக்கை

நர்சிங் கல்லூரியில் அவள் வகுப்பின் நாடகப் பயிற்சிக்கு அன்று வார்டு சிஸ்டரே வந்திருந்தார். தவறான மருந்து கொடுத்த மாணவி அதை அவரிடம் சொல்ல வேண்டும், அதுதான் காட்சி. சீட்டு குலுக்கியதில் அந்த வேஷம் அவள் தலையில் விழுந்தது.

அன்று காலையில் வார்டில் பன்னிரண்டாம் படுக்கையின் பிரஷர் மாத்திரையைப் பதினொன்றாம் படுக்கைப் பெரியவருக்குக் கொடுத்திருந்தாள். பன்னிரண்டாம் படுக்கைக்காரரின் பேரைச் சொன்னதும் பெரியவர் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டினார். பேர் எழுதிய கைப்பட்டையை அவள் பார்க்கவில்லை. வீட்டிலேயே முதலில் கல்லூரிப் படி ஏறியவள். படிப்பு போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? நடிக்கத்தானே போற!" என்று தோழி தள்ளிவிட்டாள்.

வசனம் எழுதிய தாளைப் பார்த்துப் படித்தாள். "சிஸ்டர், நான் தப்பான மாத்திரை குடுத்துட்டேன். படுக்கை நம்பர்..." தாளில் நான்கு என்று இருந்தது. "பதினொண்ணு."

"நாலும்மா," என்றார் சிஸ்டர்.

"இல்ல சிஸ்டர், பதினொண்ணுதான். இன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு."

வகுப்பு சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "எந்த மாத்திரை? எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே வார்டுக்குப் போன் போட்டார். "பதினொண்ணை எழுந்து நடக்க விடாதீங்க. பிரஷர், பல்ஸ் பாருங்க. டாக்டரை உடனே கூப்பிடுங்க."

பிறகு அவளிடம் திரும்பினார். "வா. முதல்ல அவரைப் பாப்போம். அப்புறம் நீயே அறிக்கை எழுதணும். அந்தத் தாளை வச்சிட்டு வா."

கால்கள் நடந்தன. விரல்கள்தான் தாளை விடவில்லை.