வேர்க்குருவைச் சிரங்கு என்றவள்

மகளுக்கு ஏழு மாதம். சித்திரை வெயிலில் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அவளை இடுக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினேன். நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் நாத்தனார் என் மகளின் கழுத்தில் இருந்த கொப்புளங்களைப் பார்த்தாள். கையை நீட்டி என்னை மறித்தாள்.

"இது சிரங்குல்லா. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கிடும். நீ திரும்பிப் போயிரு."

சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நான் அழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

நர்சம்மா ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். கழுத்து மடிப்பிலும் முதுகிலும் பனித்துளி மாதிரி பொடிப்பொடியாகத் தெளிந்த கொப்புளங்கள். விரல் லேசாகப் பட்டதுமே ஒன்று உடைந்தது. சுற்றிச் சிவப்பில்லை, சீழில்லை, காய்ச்சலும் இல்லை. பிள்ளை அவர்களுடைய பேனாவைப் பிடுங்கிச் சிரித்தாள்.

"இது வேர்க்குரு. வேர்வை வெளிய வர வழியில்லாம அடைச்சிருக்கு, அம்புட்டுதான். ஒட்டாது. இந்த நைலான் கவுனக் கழட்டுங்க. சாதாத் தண்ணியில குளிப்பாட்டி, தேய்க்காம ஒத்தி எடுங்க. மடிப்புல ஈரம் நிக்கக் கூடாது. மெல்லிசுப் பருத்தித்துணி போட்டு, காத்து வார எடத்துல பிள்ளையப் படுக்க வைங்க. எண்ணெயும் பவுடரும் வேண்டாம், அதுவும் அடைச்சுக்கிடும். சீழ் வச்சாலோ, சிவந்து வீங்குனாலோ, காய்ச்சல் அடிச்சாலோ உடனே டாக்டர்கிட்ட காட்டணும்."

அந்தக் கவுன் நாத்தனார் வாங்கிக்கொடுத்தது.

மூன்றே நாளில் தோல் சுத்தமாகிவிட்டது. என் மனது ஆகவில்லை. நாலு பேர் முன்னால் நாத்தனாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வைகாசியில் அவளே மகனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமனாரைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ரெண்டு வயசுப் பயல், முதுகு பூராவும் பவுடர் அப்பியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. வாசலிலேயே மறித்தேன்.

"இது சிரங்குல்லா மதினி. எம்பிள்ளைக்கு ஒட்டிக்கிடும்."

அவள் முகம் செத்துப்போனது. அதை நான் நன்றாகப் பார்த்தேன். அப்புறம்தான் பயலைப் பார்த்தேன். அவன் சிணுங்கக்கூடத் தெம்பில்லாமல் தோளில் கிடந்தான். பவுடருக்கு அடியில் சிவந்து வீங்கி, நடுவில் மஞ்சளாகச் சீழ். தொட்டால் சுட்டது.

"எத்தனை நாளாக் காய்ச்சல்?"

"நேத்துல இருந்து. வேர்க்குருன்னு விட்டுட்டேன்."

"இது வேர்க்குரு இல்ல. ஆட்டோவுல ஏறுங்க."

ஆஸ்பத்திரியில் புண்ணில் கிருமி ஏறிவிட்டது என்று மருந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் ஆறியது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நாத்தனார், "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள்.

"எங்கிட்ட சொல்லாதீங்க. மண்டபத்துல நின்ன அம்புட்டுப் பேருக்கும் போன் போட்டுச் சொல்லுங்க" என்றேன்.

போட்டாள். ஒவ்வொருவரிடமும் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன்.