ஒன்பது சென்ரிமீற்றரும் கொஞ்சமும்

சூசைப்பிள்ளையின் அடையாள அட்டையில் தொழில்: மீன்பிடி என்று இருக்கிறது. பத்தொன்பது வயதில் ஒரேயொரு தடவை கடலுக்குப் போனார். கரை மறையும் முன்பே வாந்தியெடுத்தார். அன்றிலிருந்து தரைவாசி. 2014இல் அவருக்கு ஐம்பது வயது. கற்பிட்டி ரியூசன் நிலையமொன்றில் போட்டோக் கொப்பி இயந்திரத்துக்குப் பொறுப்பு.

உயர்தரப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. இணைந்த கணிதம் படிப்பிக்கும் அத்தாஉல்லா சேர், மாதிரிப் பரீட்சையில் நாற்பது எடுக்காதவர்கள் கலைப்பிரிவுக்குப் போகலாம் என்று அறிவித்திருந்தார். மாணவி டெனிஷாவுக்கு முப்பத்தேழு. ஐந்து புள்ளிக் கேள்வியொன்றில் அவளுக்குப் பிழை விழுந்திருந்தது.

"மாமா, என்ர விடைதான் சரி. சேர் கேக்கிறாரில்ல," என்று இயந்திரத்தின் மேல் தாளைப் போட்டாள்.

பன்னிரண்டு சென்ரிமீற்றர் சதுரம். அதன் மேல் அதே அகலமும் அதே உயரமும் கொண்ட இருசமபக்க முக்கோணம். அடியிலிருந்து ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில்? சேருக்குப் பத்து. அவளுக்கு ஒன்பதும் மூன்றிலொன்றும்.

பத்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. சேருக்கும் அதுவே போதுமாக இருந்தது.

சூசைப்பிள்ளைக்கு அட்சரகணிதம் தெரியாது. தாள் வந்த பெட்டியில் உருவத்தை வெட்டி, அடிமூலையில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டார். அதே ஊசியில் நூல் கட்டி நுனியில் தூண்டில் ஈயம் போட்டார். அவரிடம் இருந்த ஒரே மீன்பிடிச் சாமான் அதுதான். நூல் நடுக்கோட்டை ஒன்பதுக்கும் கீழே வெட்டியது.

சேர் வந்து பார்த்துச் சிரித்தார். "பத்தும் இல்ல, ஒன்பதும் இல்ல! சூசையண்ணன், இந்த அட்டைல அடிப்பக்கம் ரெண்டு மடிப்பு ஒட்டி ஈக்கிது. தடிப்பு எல்லா இடமும் ஒண்டா இருக்கோணும்."

சேர் சொன்னது முழுக்கச் சரி. எரிச்சலூட்டியதும் அதுதான்.

சூசைப்பிள்ளை ஒற்றை மடிப்புப் பைல் மட்டையில் மறுபடி வெட்டினார். நூல் ஒன்பது சென்ரிமீற்றர் மூன்று மில்லிமீற்றரில் நின்றது. பிறகு முக்கோணத்தை மட்டும் தனியே வெட்டி, நடுக்கோட்டைப் பென்சிலின் மேல் குறுக்கே வைத்து நகர்த்தினார். அடியிலிருந்து நாலு சென்ரிமீற்றரில் சரியாமல் நின்றது.

"நீங்க ஆறு எண்டு போட்டிருக்கீங்க சேர்."

சேர் தன் விடைத்தாளை எடுத்தார். சதுரத்துக்குப் பாதி உயரம், ஆறு, சரி. அதே வேகத்தில் முக்கோணத்துக்கும் பாதி. மூன்றிலொன்று அல்லவா! பரப்பு நூற்று நாற்பத்து நாலு, எழுபத்திரண்டு. பன்னிரண்டோடு ஆறு கூட்டிப் பதினெட்டு இருந்த இடத்தில், நாலு கூட்டிப் பதினாறு.

"யா அல்லாஹ்," என்றார். "விடைத்தாள் எத்தின கொப்பி அடிச்சாச்சு?"

"இருநூறு, சேர்."

"அவளுக்கு நாப்பத்திரண்டு போடுங்க."

சூசைப்பிள்ளை இருநூறு தாள்களிலும் 18ஐ வெட்டி 16 என்றும், 10ஐ வெட்டி 9⅓ என்றும் கையால் எழுதினார்.