வகுப்பு எடுக்காத தையல்நாயகி

விழுப்புரத்துப் பால் குளிரூட்டும் நிலையத்தில் பாலைச் சோதிப்பவர் தையல்நாயகி. கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அவர் சொல்லிவிட்டால் மாடே நேரில் வந்து சத்தியம் செய்தாலும் மாறாது. அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சொல் மட்டும் வாயில் வராது. முடியாது என்ற சொல்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை, மேலாளர் அரங்கநாதன் அவரைக் கூப்பிட்டார்.

“சனிக்கிழமை மத்தியானம் கிராமத்துப் பால் சங்கங்கள்லேர்ந்து புதுசா சேர்ந்த பசங்க வர்றாங்க. கொழுப்புச் சோதனைக்கு நீங்கதாம்மா கிளாஸ் எடுக்கணும்.”

காலையில் பால் லாரி, பிறகு சங்க மாதிரிகள், சாயங்காலம் இரண்டாவது லாரி, நடுவில் மாதக் கணக்கு. அவருடைய வாரத்தில் காலியாக இருந்தது அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஒன்றுதான். அன்று சாயங்கால லாரியைப் பார்த்துக்கொள்ளச் சம்மதம் சொன்ன ஆளிடம் அவர் ஒரு வாரமாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது. தங்கை செண்பகம். இதயத்தில் கோளாறு. சனிக்கிழமை சாயங்கால ரயிலில் சென்னைக்கு ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள். “அக்கா, கிளம்பறதுக்கு முன்னாடி நீ வந்து தலை பின்னி வுட்டுட்டுப் போ. அங்க எவ எனக்குச் சீப்பு எடுப்பா” என்று சொல்லியிருந்தாள்.

தையல்நாயகி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த சனிக்கிழமை முடியாதுங்க சார். தங்கச்சியை மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போறாங்க. அடுத்த வாரம்னா எடுக்கறேன். இல்லன்னா கோதண்டபாணி எடுக்கட்டும், அவனுக்கும் தெரியும்.”

வாழ்க்கையில் முதல் முறை. கட்டடம் இடிந்து விழவில்லை. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அடுத்த வாரம் தள்ள முடியாது, தகவல் போயிடுச்சு. சரி, கோதண்டபாணியே எடுக்கட்டும். நீங்க போயிட்டு வாங்கம்மா.”

அவ்வளவுதான். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். மறுத்துப் பழகியவர் எழுந்து போயிருப்பார். பழகாதவருக்கு அந்த மனுஷர் சட்டென்று ஒத்துக்கொண்டதே நெஞ்சில் உறுத்தியது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, “சாமானெல்லாம் நானே எடுத்து வச்சுட்டுப் போறேங்க சார்” என்றார்.

சனிக்கிழமை வந்தது. சோதனைக் குழாய்களைக் கழுவினார். பசும்பால், எருமைப்பால், தண்ணீர் கலந்த பால் என்று தனித்தனியாக மாதிரி வைத்தார். கரும்பலகையில் முதலில் அமிலம், அப்புறம் பால், கடைசியில் ஆல்கஹால் என்று வரிசையை எழுதினார். திண்டிவனம் பஸ் ஒன்று போனது.

அவருக்கு உதவியாளனான கோதண்டபாணி அமிலப் பாட்டிலைத் தள்ளி நின்று பார்த்தான்.

“அக்கா, இத ஒரு தபா மட்டும் ஊத்திக் காட்டிட்டுப் போயேன். பேஜாரா கீது. அன்னிக்கு ஒருத்தன் சட்டைய பொத்தலாக்கிக்கினான்.”

“பாலை மெதுவா, குழாய் ஓரமா வுடுடா. சடார்னு ஊத்துனா பொங்கும்.”

“நீ சொல்றது புரியுது. கைதான் கேக்கல.”

ஊற்றிக் காட்டினார். அப்போது பையன்கள் வந்துவிட்டார்கள். அவர்களும் பார்க்க வேண்டுமே என்று மறுபடி ஊற்றினார். மூடியை அழுத்திக் குலுக்கினார். சுழல் இயந்திரத்தில் வைத்தார். அது நிற்காமல் அளவு தெரியாது. அளவு பார்க்காமல் போனால் பாதியில் விட்டது போலாகும். இன்னொரு பஸ் போனது. மஞ்சளாக மேலே திரண்ட கொழுப்பை எந்தக் கோட்டில் படிப்பது என்று காட்டிவிட்டுத்தான் பையை எடுத்தார். போகும்போதும் சொன்னார்: “கிளாஸ் கோதண்டபாணிதாம்பா எடுக்கறாரு. எனக்கு இன்னிக்கு வேற வேலை.”

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் செண்பகத்தின் கட்டிலில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தார்கள்.

“இப்பத்தாம்மா வண்டியேத்த இட்டுக்கினு போனாங்க” என்றாள் ஆயா. “அந்தப் பொண்ணு தலைய விரிச்சுப் போட்டுக்கினு வாசலையே பாத்துக்கினு இருந்துது. நான் பின்னட்டுமான்னேன். வேணாம், எங்க அக்கா வந்துரும்னு சொல்லிட்டுது.”

ஸ்டேஷனுக்கு ஓடினார். போய்க்கொண்டிருந்த ரயிலின் கடைசிப் பெட்டி முதுகை மட்டும்தான் காட்டியது.

செண்பகம் ஆபரேஷனிலிருந்து எழவில்லை. உடலைக் கொண்டுவந்தபோது முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. பெண்கள் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்தார்கள். “கொஞ்சம் இருங்க” என்று சொல்லி, தையல்நாயகி சிக்கெடுத்தார். வலிக்கும் என்பது போல முடியின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மெதுவாக. பின்னி முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியதும் மேலாளர் துக்கம் விசாரித்தார். நல்ல மனுஷர், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“அன்னிக்கு ஏற்பாடு பிரமாதம்மா. அடுத்த மாசமும் ஒரு வகுப்பு இருக்கு. நீங்க எடுக்க வேணாம், கோதண்டபாணியே எடுக்கட்டும். நீங்க சும்மா கூட நின்னா போதும்.”

தையல்நாயகி அவரைப் பார்த்தார்.

“நிக்கவும் முடியாதுங்க சார்.”

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். இந்த முறை திரும்பி வரவில்லை. மறுக்க அவர் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமை மத்தியானங்கள் அவருக்குக் காலியாகவே இருந்தன. போவதற்குத்தான் இடமில்லை.