பிளாஸ்டிக்குக்குள் கல்யாணம்

தூதரகத்துக்குப் போகிற அன்று, வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்திருந்த வெல்டர் மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். அறையில் இருந்தவர்கள் சும்மா விடுவார்களா? "பொண்ணு பாக்கப் போறியா?" என்று கேலி செய்தார்கள். ஒருவகையில் அது உண்மைதான். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளக் கம்பெனி சம்மதித்துவிட்டது. கல்யாணச் சான்றிதழில் தூதரக முத்திரை மட்டும் வேண்டும். மனைவி அதைக் கூரியரில் அனுப்பியிருந்தாள்.

வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர் என்பதால் முதலில் பதிவு. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றின் நகலையும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா சரிபார்த்தார்.

"ஊர்ல உங்க வீட்டுக்காரம்மா நம்பர் இருக்கு. ஏதாவது அவசரம்னா தெரிவிக்க இங்க யாராவது இருக்காங்களா?"

"அவங்களக் கூப்பிடத்தான் மேடம் வந்திருக்கேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சான்றிதழைக் கையில் வாங்கியதும் அது போய்விட்டது.

"அண்ணே, முதல்ல நம்ம நாட்டு வெளியுறவுத் துறை முத்திரை இருக்கணும். அதுக்கு மேலதான் நாங்க வைப்போம். இதுல அதுவே இல்ல. போதாததுக்கு லேமினேட் வேற பண்ணியிருக்கீங்க. பிளாஸ்டிக் மேல யாரும் முத்திரை குத்த மாட்டாங்க."

"பிளேடு வச்சு உரிச்சுட்டா?"

"ஐயோ, கையெழுத்தும் சேந்து வந்துடும். பதிவு பண்ணின ஆபீஸ்ல புதுப் பிரதி வாங்கச் சொல்லுங்க. அங்க முத்திரையெல்லாம் வாங்கிட்டு அனுப்பட்டும்."

வெல்டருக்குக் கோபம் தலைக்கேறியது. படித்துப் படித்துச் சொன்னேனே, பத்திரமாக அனுப்பு என்று! இவளை யார் பிளாஸ்டிக் போடச் சொன்னது? வாசலில் போனைத் திரும்ப வாங்கியதும் அங்கேயே நின்று கூப்பிட்டார்.

"ஏன்டி லேமினேட் பண்ணின? எல்லாம் பாழாப் போச்சு. இனிமே முதல்லேர்ந்து அலையணும்!"

சாலை இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கேக்குதா?"

"கேக்குது. நீங்க போனதுலேர்ந்து தினமும் எடுத்துப் பாத்துட்டே இருந்தேங்க. உங்க கையெழுத்து இருக்கில்ல, அதுக்காக. மடிப்புல கிழிய ஆரம்பிச்சிடுச்சு. பாப்பா வேற சோத்துக் கையோட தொட்டுட்டா. அதான் பயந்துபோய்ப் போட்டேன்."

வெல்டர் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிளாஸ்டிக்குக்குள், இரண்டு கையெழுத்துக்கும் கீழே, ஒரு குட்டி விரலின் எண்ணெய்க் கறை. கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவர்களைப் பார்க்க வேண்டும், இப்போதே பார்க்க வேண்டும் போலிருந்தது.

"சரி விடு. புதுப் பிரதிக்கு எழுதிக் கொடு," என்றார்.

"நாளைக்கே போறேன்."

"இத என்ன பண்றது? உனக்கே திருப்பி அனுப்பிடவா?"

"வேணாங்க. நான் பாத்தாச்சு," என்றாள். "இப்ப உங்க முறை."